நேரமில்லை என்று எழுதினேன், நேரமிருக்கிறது என்று படித்தார்

பிரெஞ்சு இலக்கணத்தில் எனக்கு எப்போதும் பயம் ஆண்பால் பெண்பால் மேல்தான். மேசை ஏன் பெண், தோட்டம் ஏன் ஆண் என்று மண்டையை உடைத்துக்கொண்டதுண்டு. ஆனால் அதில் தப்பு செய்தால் யாரும் சாகப்போவதில்லை, சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். என்னை உண்மையாகவே மாட்டிவிட்டது எதிர்மறை. அதுவும் உதவி கேட்டு வந்த ஒருவருக்கு "முடியாது" என்று சொல்லவேண்டிய இடத்தில்.

பிரான்சில் ஆறு மாத இன்டர்ன்ஷிப். அலுவலகத்தில் இங்கிலீஷில் எழுதத் தெரிந்தவன் என்று என் பெயர் பரவிவிட்டது. ஒரு திங்கட்கிழமை காலை பக்கத்து டீமில் இருப்பவரிடமிருந்து மெயில். வியாழன் காலை ஒன்பது மணிக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர் முன்னால் அவர் பேசவேண்டும். இருபத்து நான்கு ஸ்லைடுகள், எல்லாம் இங்கிலீஷில். புதன் மாலைக்குள் திருத்தித் தர முடியுமா என்று கேட்டிருந்தார். எனக்கோ அதே வியாழக்கிழமை என் அறிக்கையை ஒப்படைக்கவேண்டும். பாதிகூட எழுதி முடிக்கவில்லை.

முடியாது என்று சொல்ல வேண்டியதுதான். ஆனால் அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் கல்லூரியில் "பணியிடத் தொடர்பு" என்று ஒரு வகுப்பு நடந்திருந்தது. மறுக்கும்போது எதிர்மறை வார்த்தைகளைத் தவிர்க்க வேண்டும், "மன்னிக்கவும்" என்று ஆரம்பிக்கக்கூடாது, எதையும் பாசிட்டிவாகத் திருப்பிச் சொல்லவேண்டும் என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். நானும் நல்ல பிள்ளையாக அப்படியே எழுதினேன். என்னை நினைத்ததற்கு நன்றி. ஸ்லைடுகள் ரொம்ப நன்றாக வந்திருக்கின்றன. நடுவில் ஒரே ஒரு வரி:

ஜே ப்ளூ தெ தாங் செத் செமென்.

கடைசியாக, ஸ்பெல் செக்கரில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் சின்னத் தப்புகள் போய்விடும் என்று ஒரு யோசனை. அவ்வளவுதான். அவரிடமிருந்து ஐந்து நிமிஷத்தில் பதில்: "சூப்பர், மெர்ஸி!" மறுத்தாலும் எவ்வளவு பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டார் பார் என்று நினைத்துக்கொண்டேன். :)

புதன்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு என் மேசைக்கு வந்தார். "முடிஞ்சிடுச்சா?" என்றார்.

நான் எழுத நினைத்தது "இந்த வாரம் எனக்கு இனி நேரமில்லை". அவர் படித்தது "இந்த வாரம் எனக்கு அதிக நேரமிருக்கிறது". இரண்டும் பிரெஞ்சில் எழுத்துக்கு எழுத்து ஒரே வரிதான்!

எப்படி என்று சொல்கிறேன். (பிரெஞ்சு ஒலிகளைத் தமிழ் எழுத்தில் தோராயமாகத்தான் எழுத முடியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.) பிரெஞ்சில் ஒரு வினையை எதிர்மறையாக்க இரண்டு துண்டுகள் தேவை. வினைக்கு முன்னால் "நெ", வினைக்குப் பின்னால் இன்னொரு சொல். பின்னால் வருவது "பா" என்றால் வெறும் இல்லை. "ப்ளூ" என்றால் இனி இல்லை, முன்பு இருந்தது இப்போது இல்லை. "நான்" என்பது ஜெ, "எனக்கு இருக்கிறது" என்பது ஜே. அதை மறுத்தால் ஜெ நே ப்ளூ என்று வரவேண்டும். அந்த "நே"யின் தொடக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்பதுதான் மறுப்பின் முதல் துண்டு. நான் அதை விட்டுவிட்டு "ஜே ப்ளூ" என்று எழுதிவிட்டேன்.

ஏன் விட்டேன்? சுற்றியிருந்த எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள். பேச்சுப் பிரெஞ்சில் முன்னால் வரும் "நெ"யைப் பெரும்பாலும் விழுங்கிவிடுவார்கள். தெரியாது என்பதற்கு பாடப்புத்தகத்தில் "ஜெ நெ ஸே பா". காபி மெஷின் பக்கத்தில் காதில் விழுவது "ஷே பா". புத்தகம் மாதிரிப் பேசுகிறான் என்று கேலி செய்வார்களே என்று நானும் விழுங்கப் பழகியிருந்தேன். பா விஷயத்தில் அதனால் எந்த ஆபத்தும் இல்லை. பின்னால் பா இருந்தால் அது மறுப்புதான், முன்னால் நெ இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

ப்ளூ அப்படியில்லை. அந்தச் சொல்லின் சொந்த அர்த்தமே "அதிகம்", "மேலும்" என்பதுதான். நெ கூட இருந்தால் "இதற்கு மேல் இல்லை". நெ போய்விட்டால் மிஞ்சுவது வெறும் "மேலும்". பேசும்போது பிரெஞ்சுக்காரர்கள் இதைக் கடைசி ஒலியை வைத்துச் சமாளிக்கிறார்கள். இனி இல்லை என்றால் "ப்ளூ" என்று நிறுத்துவார்கள். அதிகம் என்ற அர்த்தம் குழம்பக்கூடும் என்று தோன்றினால் "ப்ளூஸ்" என்று கடைசி எழுத்தையும் உச்சரிப்பார்கள். ஜே ப்ளூ தெ தாங் என்றால் நேரமில்லை, ஜே ப்ளூஸ் தெ தாங் என்றால் அதிக நேரமிருக்கிறது. காதுக்கு இந்த வித்தியாசம் போதும். கண்ணுக்கு? இரண்டுக்கும் ஒரே எழுத்துக்கூட்டல். மெயிலில் அந்தக் கடைசி எழுத்தை ஒருவர் உச்சரித்துப் படிப்பாரா விழுங்கிப் படிப்பாரா என்பது நம் கையில் இல்லை.

பழைய பிரெஞ்சில் நெ மட்டுமே போதுமாக இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்று புரியும். பா என்றால் முதலில் "அடி", நடக்கும்போது வைக்கும் அடி. நாம் "ஒரு அடி கூட நகரமாட்டேன்" என்று அழுத்திச் சொல்கிறோமே, அப்படி மறுப்புக்கு அழுத்தம் கொடுக்க வந்த சொல். "ஒரு பொட்டுக் கூட", "ஒரு சொட்டுக் கூட" என்பதற்கும் அவர்களிடம் அதே மாதிரிச் சொற்கள் இருந்தன. நாளடைவில் அழுத்தம் தேய்ந்து பா என்பது கட்டாயத் துணையானது. அப்புறம் பலவீனமான நெ உதிரத் தொடங்கியது, துணைக்கு வந்தவரே முதலாளி ஆகிவிட்டார். டென்மார்க் மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பெர்சன் 1917-ல் எழுதிய நூலில் இந்தச் சுழற்சியை விவரித்தார், இன்றும் அவர் பெயரில்தான் அதை அழைக்கிறார்கள். பா தன் "அடி" அர்த்தத்தை மறுப்பு வாக்கியத்தில் முழுசாக இழந்துவிட்டது, அதனால் தனியாக நின்றாலும் குழப்பமில்லை. ப்ளூ தன் பழைய "அதிகம்" வேலையையும் இன்றுவரை பார்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டு வேலை பார்ப்பவருக்கு அடையாள அட்டை தேவை. அந்த அட்டைதான் நெ.

சரி, என் மெயிலுக்குத் திரும்புவோம். நெ இல்லாமல் போனது பாதித் தப்புதான். மீதிப் பாதி அந்த "பாசிட்டிவ்" சமாச்சாரம். மெயிலின் ஆரம்பத்தில் ஒரு "தெஸொலே" இருந்திருந்தால், அதாவது மன்னிக்கவும் என்று ஒரு சொல் இருந்திருந்தால், அடுத்த வரியை எந்தப் பிரெஞ்சுக்காரரும் மறுப்பு என்றே படித்திருப்பார். நான் அதை வேண்டுமென்றே எடுத்துவிட்டேன். நன்றி, பாராட்டு, யோசனை என்று எல்லாம் இனிப்பாக இருந்தது. மறுப்பைக் காட்டும் எல்லா அடையாளங்களையும் நாகரிகம் என்று நினைத்துக் கழற்றிவிட்டு, முழு பாரத்தையும் ஒரு சின்ன ஒலியின் மேல் வைத்தேன். கடைசியில் அதையும் எழுதவில்லை.

அன்று இரவு ஒன்பதரை வரை இரண்டு பேரும் உட்கார்ந்து பதினாறு ஸ்லைடுகளைத் திருத்தினோம். மீதி எட்டு அப்படியே போயிற்று. என் அறிக்கை ஒரு நாள் தாமதம். அவர் கோபப்படவில்லை. கிளம்பும்போது ஒன்றே ஒன்று சொன்னார்: "திங்கட்கிழமையே முடியாதுன்னு தெரிஞ்சிருந்தா வேற யாரையாவது கேட்டிருப்பேன்." அது இன்றைக்கும் உறுத்துகிறது. திங்கள் முதல் புதன் வரை அவருக்கு இருந்த இரண்டு நாளை நான் திருடிவிட்டேன். மறுப்பு என்பது அவருக்கு ஒரு தகவல், சீக்கிரம் கிடைத்தால் மட்டும் பயன்படும் தகவல். அதை மிட்டாய்த் தாளில் சுற்றிக் கொடுத்தால் பிரித்துப் பார்க்காமலே பையில் போட்டுக்கொள்வார்கள்.

அதனால் என் கட்சி இதுதான். பாசிட்டிவாகத் திருப்பிச் சொல்வது தப்பில்லை. ஆனால் அது "முடியாது" என்பதற்குப் பிறகு வரவேண்டும், அதற்குப் பதிலாக வரக்கூடாது. முதலில் ஒரே ஒருமுறை, இரண்டு துண்டும் சரியாக அமைந்த ஒரு முழு எதிர்மறை வாக்கியம். அப்புறம் என்ன முடியும் என்பது. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் இலக்கணமே சரியாக இருந்தாலும் ஆபத்துதான். முதல் வரியில் நல்லதைப் படித்தவர் மூன்றாவது வரியைச் சரியாகப் படிக்கமாட்டார்.

அந்த ஒரு வாக்கியத்தை எப்படி அமைப்பது? தமிழில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. முடியாது வேறு, மாட்டேன் வேறு. பிரெஞ்சிலும் அதே பிரிவு உண்டு, ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு மெய்யெழுத்துதான். "ஜெ நெ பெ பா" என்றால் என்னால் முடியாது. "ஜெ நெ வெ பா" என்றால் எனக்கு விருப்பமில்லை, மாட்டேன். அவசரத்தில் நாக்கு குழறினால் இயலாமை பிடிவாதமாகிவிடும். இதனாலேயே அலுவலகங்களில் அடிக்கடி கேட்கும் இன்னொரு அமைப்பு எனக்குப் பிடித்துப்போனது: "ஜெ நெ வே பா பூவ்வார்". வார்த்தைக்கு வார்த்தை "என்னால் முடியப்போவதில்லை" என்று வரும். முடியாது என்று முகத்தில் அடிக்காமல் சூழ்நிலை அப்படி என்ற தொனியில் சொல்கிறது. ஆனால் அர்த்தத்தில் ஒரு துளி சந்தேகமும் வைக்காது. மென்மை வேண்டுமென்றால் இங்கே தேடுங்கள், மறுப்புச் சொல்லை எடுப்பதில் தேடாதீர்கள்.

பா உட்காரும் இடமும் முக்கியம். இரண்டு வினை வரும்போது நெயும் பாவும் முதல் வினையைத்தான் அணைத்துக்கொள்ள வேண்டும். ஜெ நெ பெ பா தேதே: உனக்கு உதவ என்னால் முடியாது. இதையே கொஞ்சம் தள்ளி, ஜெ பெ நெ பா தேதே என்று இரண்டாவது வினைக்கு முன்னால் இரண்டையும் சேர்த்து வைத்தால் அதுவும் இலக்கணப்படி சரியான வாக்கியமே. ஆனால் அர்த்தம்: உனக்கு உதவாமல் இருக்க என்னால் முடியும்! மறுப்பு மிரட்டலாகிவிட்டது. தமிழில் எதிர்மறை வாக்கியத்தின் வாலில், கடைசி வினையில் வருவதால் நம் ஆட்களுக்குக் கை தானாகக் கடைசி வினையைத் தேடிப் போகும். பிரெஞ்சில் அதை முதல் வினையிடம் இழுத்து வரவேண்டும்.

ப்ளூ பற்றி என் சொந்த விதி ஒன்று. மறுக்கும்போது அந்தச் சொல்லையே முடிந்தவரை தொடுவதில்லை. "ஜெ நே பா லெ தாங்" என்று எழுதிவிடுகிறேன், இதைச் செய்ய எனக்கு நேரமில்லை என்று பொருள். இங்கே நெ விழுந்துபோனாலும் பா காப்பாற்றும். இனி நேரமில்லை என்றே சொல்லவேண்டியிருந்தால் "தெ தாங்" என்பதற்குப் பதில் "லெ தாங்". "அதிக நேரம்" என்று சொல்லும்போது ப்ளூஸுக்குப் பின்னால் தெ கட்டாயம் வரவேண்டும். லெ வந்துவிட்டால் அந்த அர்த்தத்துக்கு வழியே இல்லை. தெ, லெ என்ற ஒற்றைச் சொல் மாற்றத்தில் இவ்வளவு பாதுகாப்பு கிடைக்கிறது, என் பாடப்புத்தகத்தில் இதை யாரும் சொல்லவில்லை.

"நாங்கள்" என்று டீம் சார்பில் எழுதும்போது இன்னொரு பள்ளம் இருக்கிறது. அலுவலகப் பேச்சில் நாங்கள் என்பதற்கு "ஓன்" என்பார்கள். அடுத்து உயிரொலி வந்தால் ஓன் தானாகவே ஒரு ந ஒலியை ஒட்டிக்கொள்ளும். எங்களிடம் இருக்கிறது என்பதும் "ஓன் நா", இல்லை என்பதன் முதல் பாதியும் "ஓன் நா". காதால் பிரிக்கவே முடியாது. பிறந்ததிலிருந்து பிரெஞ்சு பேசுகிறவர்களே எழுதும்போது அந்த எழுத்தை விட்டுவிடுகிறார்கள். காதை நம்பி எழுதக்கூடாத இடம் இது. மெயிலை அனுப்பும் முன் "ஓன் என்பதை ஜெ என்று மாற்றினால் நெ வருமா?" என்று கேட்டுப் பாருங்கள். வரும் என்றால் ஓனோடும் எழுதவேண்டும்.

எழுத்தை விட்டுப் பேச்சுக்கு வந்தால் வேறு கண்ணி. உதவி கேட்கும்போது பிரெஞ்சுக்காரர்கள் மரியாதைக்காக எதிர்மறையிலேயே கேட்பார்கள். "தூ பூரே பா மேதே?" அதாவது "நீ எனக்கு உதவ முடியாதா?" நம் ஊரிலும் "ஒரு அஞ்சு நிமிஷம் இருக்காதா?" என்று கேட்பதுண்டுதானே. பிரச்சினை பதிலில். "முடியாதா?" என்று கேட்டால் தமிழில் "ஆமா, முடியாது" என்று சொல்வது இயல்பு. கேட்டவர் சொன்னதை ஆமோதிக்கிறோம். அதே பழக்கத்தில் ஒருமுறை நான் "வீ" என்று ஆரம்பித்தேன், ஆமாம் என்று அர்த்தம். மீதி வாக்கியத்தை வாய்க்குள் கோர்ப்பதற்குள் அவர் தோளில் தட்டி நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்!

பிரெஞ்சில் பதில் கேள்வியை ஆமோதிப்பதில்லை, உண்மை நிலவரத்தைச் சொல்கிறது. முடியாது என்றால் "நோன்", கேள்வி எப்படிக் கேட்கப்பட்டிருந்தாலும் சரி. எதிர்மறைக் கேள்விக்கு "இல்லையில்லை, முடியும்" என்று சொல்ல "ஸி" என்று தனியாக ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள். ஆக எதிர்மறையில் உதவி கேட்டால் உங்கள் முன்னால் இருப்பது இரண்டே கதவு: ஸி என்றால் செய்கிறேன், நோன் என்றால் முடியாது. வீ என்ற சொல்லை அந்த இடத்தில் மறந்துவிடுங்கள். "பா தெ ஸூஸி" என்பதையும்தான். அதில் பா இருப்பதால் மறுப்பு என்று நினைக்கவேண்டாம். "கவலையே இல்லை" என்று அர்த்தம், அதாவது சரி, செய்துவிடுகிறேன்.

இனி பாசிட்டிவ் பகுதி. இதில் பிரெஞ்சு ஒரு அழகான கருவி தருகிறது. நெ இருக்கும், ஆனால் பின்னால் பா வராது, "கெ" வரும். அப்போது அது மறுப்பல்ல, "மட்டும்" என்று பொருள். ஜெ நே கூன் எர்: எனக்கு ஒரு மணி நேரம் மட்டும் இருக்கிறது. மறுப்பு மாதிரி ஆரம்பித்து உதவியில் முடிகிறது. அதே சமயம் எல்லை எங்கே என்பதும் அதிலேயே இருக்கிறது. இந்த அமைப்பில் நெ விட்டுப்போனால் கெ மட்டும் தனியாகத் தொங்கும். பேச்சில் பிரெஞ்சுக்காரர்கள் அப்படிச் சொல்வதுண்டு. எழுத்தில் முழுசாக எழுதுவதே நல்லது.

இன்னொன்று "பா அவாங்", அதாவது "அதற்கு முன்னால் முடியாது". "பா அவாங் வாந்த்ரெதி" என்றால் வெள்ளிக்கு முன்னால் முடியாது. படிப்பவர் வெள்ளிக்கு அப்புறம் முடியும் என்று சரியாகவே எடுத்துக்கொள்வார். அதனால் வெள்ளிக்கிழமையும் முடியாது என்றால் இந்த அமைப்பைத் தொடவே கூடாது. மறுப்பை மென்மையாக்க ஒரு நாளைச் சும்மா சொல்லிவைத்தால் அந்த நாளில் ஆள் வந்து நிற்பார்.

எல்லாவற்றையும் வைத்து அந்தத் திங்கட்கிழமை மெயிலை இன்று எழுதினால் இப்படி எழுதுவேன்.

ஜெ நெ வே பா பூவ்வார் ரெலீர் லா ப்ரெஸாங்தாஸியோங் தீஸி மெர்க்ரெதி. (புதனுக்குள் ஸ்லைடுகளைப் படித்துத் திருத்த என்னால் முடியப்போவதில்லை.)

ஜெ ராங் மோங் ராப்போர் ஜெதி. (வியாழனன்று என் அறிக்கையை ஒப்படைக்கிறேன்.)

ஆங் ரெவாங்ஷ், ஜெ பெ ரெலீர் லே ஸேங் ப்ரெமியேர் ஸ்லைட் தெமேங். (ஆனால் முதல் ஐந்து ஸ்லைடுகளை நாளைக்குப் பார்த்துத் தர முடியும்.)

பூர் லெ ரெஸ்த், ஈல் ஃபோத்ரே கெல்கேங் தோத்ர். (மீதிக்கு வேறொருவர் வேண்டும்.)

நாலே வரி. முதல் வரியில் மறுப்பு, நெயும் பாவும் முதல் வினையான "வே"யின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டாவது வரியில் ஒரே ஒரு காரணம். காரணங்கள் இரண்டு மூன்று ஆனால் பேரம் தொடங்கிவிடும், ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு தீர்வு வைத்திருப்பார். மூன்றாவது வரிதான் பாசிட்டிவாகத் திருப்புவது. அதில் எண்ணிக்கை இருக்கிறது, நாள் இருக்கிறது. "கொஞ்சம் பார்க்கிறேன்" என்று எழுதியிருந்தால் இருபத்து நான்கும் என் தலையில் வந்திருக்கும். "ஆங் ரெவாங்ஷ்" என்பதும் சும்மா வரவில்லை. இதுவரை சொன்னதற்கு எதிர்ப்பக்கம் இனி வருகிறது என்று அது அறிவிக்கிறது, அதாவது முதல் வரி மறுப்புதான் என்பதை இன்னொருமுறை உறுதி செய்கிறது. நாலாவது வரி அவருக்கு அந்த இரண்டு நாளைத் திருப்பிக் கொடுக்கிறது.

இதில் நன்றி எங்கே, பாராட்டு எங்கே என்று கேட்கலாம். போடுங்கள், ஆனால் கடைசியில். மூன்றாவது வரியைச் சொல்ல உண்மையிலேயே எதுவும் இல்லையென்றால் அதை விட்டுவிடுங்கள். முதல் வரியும் காரணமும் போதும். பொய்யான உதவி, உண்மையான மறுப்பை விட அதிகச் செலவு வைக்கும். நான் கொடுத்த ஸ்பெல் செக்கர் யோசனை அப்படிப்பட்டதுதான். உதவி மாதிரித் தோற்றம் தந்தது, உதவவில்லை, மறுப்பையும் மறைத்தது.

என் வகுப்புத் தோழர்கள் சிலர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. "யாரும் நெ சொல்வதில்லை, நீ மட்டும் ஏன் தாத்தா மாதிரி எழுதுகிறாய்?" என்கிறார்கள். நண்பர்களுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பும்போது நானும் விழுங்குகிறேன், அதில் தவறே இல்லை. பேசும்போது குரல் இருக்கிறது, முகம் இருக்கிறது, தோள் குலுக்கல் இருக்கிறது. மறுப்பை அவையெல்லாம் சேர்ந்து சுமக்கின்றன. மெயிலில் அந்தச் சுமையைத் தூக்க ஆளில்லை. இன்னொருவர் தன் இரண்டு நாள் வேலையை உங்கள் ஒரு வரியை நம்பித் திட்டமிடும்போது, தாத்தா மாதிரி எழுதுவது எவ்வளவோ மேல்.

"பார்க்கலாம்" என்று சொல்லி மறுக்கும் ஊரிலிருந்து வந்தவன் நான். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். அந்த ஒப்பந்தம் பிரெஞ்சில் நமக்கு இல்லை. அங்கே "ஜெ வே வ்வார்", பார்க்கிறேன் என்றால், பார்த்துவிட்டுச் சொல்வான் என்று காத்திருப்பார்கள்.

அந்த நண்பர் இப்போதும் அவ்வப்போது உதவி கேட்கிறார். நான் நோன் என்று ஆரம்பித்து பதில் எழுதினால் பாதி நேரம் ஒரு சிரிப்புப் பொம்மையோடு திருப்பி அனுப்புவார்: "இந்தத் தடவை நெ இருக்கு, நன்றி." :)